ஒரு நாள் சங்கிலி: மூத்தவாப்பாட மணிக்கூட்டை ஷோவுக்குக் கட்டுறவங்களுக்கு

இந்தக் கலியாண சீசன் முழுக்க ஒரே படத்தைத்தான் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை என்று ஊர் மாறும், மாப்பிள்ளை மாறுவார், படம் மாறாது. கோட்டுக்குள்ளே வெய்ஸ்கோட், வெய்ஸ்கோட்டுக்குக் குறுக்கே ஒரு சங்கிலி, உள்ளங்கையில் திறந்த ஒரு பொக்கட் மணிக்கூடு, அதைக் குனிந்து பார்க்கிற மாப்பிள்ளை. பெரிய யோசனையில் இருக்கிற மாதிரி முகம். படத்தைப் பெரிசாக்கிப் பாருங்கள். பின்னேரம் வெயிலில் எடுத்த படத்தில் மணி எட்டே கால் காட்டும்.

கோட்டோடு எங்களுக்குச் சண்டை இல்லை. ஒன்லைனில் வாங்கின பட்டரி மணிக்கூடென்றால் அதோடும் சண்டை இல்லை. அது விளையாட்டுச் சாமான், உடைஞ்சா இன்னொண்டு வாங்கலாம். எங்கட சண்டை, அந்தக் கைக்குள்ளே சில நேரம் நிஜ மணிக்கூடு இருப்பதால். அலுமாரிக்குள்ளே, பெட்டகத்துக்குள்ளே, போடியாராக இருந்த மூத்தவாப்பாட சாமான்களோடு அறுபது எழுபது வருசம் கிடந்த மணிக்கூடு. அதை ஒரு நாளைக்கு வெளியே எடுத்து, தெரியாத கையால் சாவி கொடுத்து, பென்சிக் கடைச் சங்கிலியில் கொழுவி, போன் கிடக்கிற பொக்கட்டுக்குள்ளேயே போட்டு, மறுநாள் செத்த சாமானாகத் திருப்பி வைக்கிறார்கள். பிறகு ஒரு கதை: “பழசுதானே மச்சான், அதுட காலம் முடிஞ்சி.”

காலம் முடியவில்லை. நீங்கள் முடித்துவிட்டீர்கள். நாங்கள் சொல்ல வருவது இவ்வளவுதான்: பழைய மணிக்கூட்டை ஒன்றில் ஒழுங்காக, ஒவ்வொரு நாளும், சாமானாகக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் சாவி கொடுக்காமல் ஈரம் படாமல் வைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ‘ஒரு நாள் கட்டு’தான் அதைக் கொல்கிறது.

பெட்டகத்திலிருந்து கலியாண வீட்டுக்கு

எங்கட கூட்டாளி ஒருவரின் வீட்டுக் கதையைச் சொல்கிறோம். அவருடைய உம்மாட வாப்பாக்குரிய மணிக்கூடு. நிக்கல் கூடு, வெள்ளை எனாமல் முகம், ஆறு மணி இடத்தில் சின்ன செக்கன் வட்டம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது அது பெட்டகத்துக்குள்ளே இருந்தது. பெட்டகத்துக்குள்ளும் கடல் வந்தது. கிடைத்த சாமான்களையெல்லாம் கழுவி வெயிலில் காய வைத்த அந்த நாட்களில் இதையும் வெளியே துடைத்துக் காய வைத்து, துணியில் சுற்றி வைத்துவிட்டார்கள். ஆட்களைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் மணிக்கூட்டைத் திறந்து பார்க்க யாருக்கு மனம் வரும்? அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

குறை சொல்ல வேண்டியது இந்தக் கலியாணத்தை. மாப்பிள்ளைக்குப் படம் எடுக்க மணிக்கூடு வேண்டுமென்று, அத்தனை வருசத்துக்குப் பிறகு அது வெளியே வந்தது. சாவி கொடுத்தார்கள், ஓடவில்லை. உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார்கள், கொஞ்ச நேரம் ஓடி நின்றது. “இன்னும் சாவி காணாது” என்று ஒருவர் மற்றவரிடம் கொடுக்க, ஆளாளுக்குத் திருகினார்கள். கடைசியில் உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு திருகு எந்தப் பக்கம் சுற்றினாலும் தடையில்லாமல் சுற்றியது.

மணிக்கூடு திருத்துகிற ஒரு பாஸிடம் கொண்டு போய்த் திறந்தபோது விசயம் விளங்கியது. பிரதான ஸ்பிரிங் பழைய காலத்து உருக்கு. துரு விழுந்து, துரு தின்ற இடத்திலே முறிந்திருந்தது. முறிந்த வேகத்தில் ஸ்பிரிங் டப்பி பின்னுக்கு அடித்து, அதோடு பொருந்தி ஓடும் நடுச் சில்லின் அச்சுப் பல்லில் இரண்டைப் பெயர்த்திருந்தது. அந்தப் பல்லு இண்டைக்குக் கடையில் வாங்கக் கிடைக்காது. அதே இனத்து இன்னொரு செத்த மணிக்கூடு கிடைத்தால் அதிலிருந்து எடுத்துப் போடலாம். கிடைக்கும் வரை அது திரும்பவும் துணிக்குள்ளேதான்.

இதில் கவனிக்க வேண்டியது, கடல் மட்டும் அதைக் கொல்லவில்லை என்பது. சாவி கொடுக்க முதல் திறந்து பார்த்திருந்தால் ஒரு புது ஸ்பிரிங்கோடும் நல்ல கழுவலோடும் தப்ப வாய்ப்பிருந்தது. பல்லு உடைந்தது படத்துக்காக.

‘ஓவரா சாவி குடுத்த’ என்கிற பொய்

இப்படி ஒரு மணிக்கூடு நின்றால் ஊரில் எல்லாரும் சொல்லுகிற காரணம் ஒன்றுதான்: சாவி கூடிவிட்டது. மணிக்கூட்டைப் பற்றி எங்கட ஊரில் உலாவுகிற பொய்களில் இதுதான் பெரிய பொய். இந்தப் பொய்யால்தான் ஒரு பக்கம் ஆட்கள் பயந்து தொடாமல் விடுகிறார்கள், மறுபக்கம் உடைத்தவர்கள் நியாயம் சொல்லித் தப்புகிறார்கள்.

சாவி கொடுக்கிறதென்றால் என்ன? ஒரு டப்பிக்குள்ளே நீளமான உருக்குப் பட்டியைச் சுருட்டி இறுக்குகிறீர்கள். அதன் ஒரு நுனி நடு அச்சில் கொழுவி இருக்கும், மற்ற நுனி டப்பிச் சுவரில் கொழுவி இருக்கும். பட்டி முழுக்கச் சுருண்டு முடிந்தால் திருகு இறுகி நிற்கும். அது நிறைந்துவிட்டது என்ற செய்தி. நிறையச் சாவி கொடுத்ததால் எந்த நல்ல மணிக்கூடும் நிற்காது. முழுச் சாவியோடு நிற்கிற மணிக்கூடு வேறு காரணத்தால் நிற்கிறது. உள்ளே எண்ணெய் காய்ந்து பசையாகிவிட்டது, இல்லாவிட்டால் அழுக்கு, துரு, உடைந்த அச்சு. இவ்வளவு பலம் தள்ளியும் சில்லு அசையவில்லை என்பதுதான் அங்கே விசயம். அசையாத சில்லை இன்னும் தள்ளச் சொல்லித் திருகினால் எது பலவீனமோ அது போகும். ஸ்பிரிங் முறியும், கொழுக்கி கழரும், இல்லாட்டி ஸ்பிரிங்கைப் பின்னுக்கு அவிழாமல் பிடித்திருக்கிற தடுப்பு நாக்கு போகும். சாவி கொடுக்கும்போது ‘கிறிக் கிறிக்’ என்று கேட்கிறதே, அந்த நாக்கின் சத்தம்தான் அது.

ஆகவே கட்ட ஆசைப்படுகிறவர் முதலில் செய்ய வேண்டியது சோதனை. ஒரு சாமானும் தேவையில்லை, ஐந்து நிமிசம் போதும். சாவி கொடுக்காத மணிக்கூட்டை முகம் மேலே இருக்கும்படி உள்ளங்கையில் வைத்து, மெதுவாக இடது பக்கம் வலது பக்கம் திருப்புங்கள். குலுக்க வேண்டாம், தட்ட வேண்டாம். உள்ளே இருக்கிற பெலன்ஸ் சில்லு சுத்தமாக இருந்தால் அந்தச் சின்ன அசைவுக்கே ஆடி, சில செக்கனுக்கு டிக் டிக் என்று கேட்கும். பிறகு இரண்டு மூன்று முறுக்கு மட்டும் கொடுங்கள். ஆரோக்கியமான மணிக்கூட்டுக்கு அது போதும், தானாகவே ஓடத் தொடங்கும். ஓடாவிட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். முப்பது முறுக்குக் கொடுத்தாலும் அது ஓடப் போவதில்லை.

ஓடினால் அடுத்த நாள் முழுச் சாவி கொடுத்துக் கணக்குப் பாருங்கள். இந்த வகை மணிக்கூடு ஒரு முழுச் சாவிக்கு ஏறத்தாழ முப்பது மணித்தியாலம் ஓட வேண்டும். நாளைக்கு இரண்டு மூன்று நிமிசம் முந்தினாலும் பிந்தினாலும் கட்டுவதற்கு அது காணும், வயதுக்கு அந்த மரியாதை கொடுக்கலாம். ஆனால் பத்து மணித்தியாலத்தில் நின்றால், அல்லது படுக்க வைத்தால் ஓடி நிமிர்த்தினால் நின்றால், அது கட்டுவதற்கான மணிக்கூடு இல்லை, கழுவலுக்குப் போக வேண்டிய மணிக்கூடு. பாஸிடம் கொண்டு போகும்போது “ஓட வெச்சித் தாங்க” என்று சொல்லாதீர்கள். “கழட்டி, கழுவி, எண்ணெய் போடணும்” என்று சொல்லுங்கள். ஓட வைப்பது ஒரு சொட்டு எண்ணெயால் முடியும். அழுக்கின் மேலே விட்ட எண்ணெய் ஆறு மாதத்தில் அரைக்கிற மாவாகி அச்சுகளைத் தின்னும்.

சங்கிலி எதற்கு?

சங்கிலியை நகை என்று நினைக்கிறவர்களிடம் ஒரு கேள்வி. அந்த மணிக்கூடு கையிலிருந்து வழுகினால் உங்கட சங்கிலி அதைப் பிடிக்குமா?

காரணத்தோடு கேட்கிறோம். பெலன்ஸ் சில்லு நிற்கிற அச்சின் நுனி, தலைமயிர் அளவு மெல்லிசு. 1930களுக்குப் பிறகு கை மணிக்கூடுகளில் அந்த நுனியைக் காக்க ஸ்பிரிங்கில் மிதக்கிற கல்லு வைக்கத் தொடங்கினார்கள், ‘இன்காப்ளொக்’ என்று பெயர் கேட்டிருப்பீர்கள். மூத்தவாப்பாட பொக்கட் மணிக்கூட்டில் பெரும்பாலும் அது இருக்காது. சீமெந்துத் தரையில் ஒரு தரம் விழுந்தால் கண்ணாடி தப்பினாலும் அச்சு தப்பாது. சங்கிலிக்கு இருக்கிற ஒரே வேலை, தரைக்குப் போக முதல் மணிக்கூட்டைப் பிடிப்பது. அழகு பிறகு.

பென்சிக் கடைச் சங்கிலி இந்த வேலையைச் செய்யாது. அதன் கண்ணிகளை நகத்தால் தடவிப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணியும் வளைத்து நுனியோடு நுனி தொட விட்டிருக்கும், ஒட்டியிருக்காது. சும்மா தொங்கும் வரை தாங்கும், ஒரு வெட்டு வெட்டினால் விரியும். உங்களுக்குத் தேவை ஒட்டின கண்ணி. பழைய மணிக்கூடு எண்பது முதல் நூறு கிராம் வரை பாரம் இருக்கலாம். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. நூறு கிராம் தேயிலைப் பக்கட் ஒன்றைச் சங்கிலியில் கட்டி, மறுநுனியை விரலில் பிடித்து, பக்கட்டைச் சங்கிலி நீளத்துக்கு விழ விடுங்கள். இருபது தரம் விடுங்கள். கண்ணி ஏதும் விரிந்ததா, கொழுக்கி திறந்ததா என்று பாருங்கள். தேயிலை விழுந்தால் கூட்டி அள்ளலாம்.

சங்கிலி தாங்கினாலும் முடியவில்லை. சங்கிலியைக் கொழுவுகிற வளையம் மணிக்கூட்டின் கழுத்தில் இரண்டு பக்கமும் சின்ன ஓட்டையில் செருகி இருக்கும். வருசக் கணக்காக ஆடி ஆடி அந்த ஓட்டை பெரிசாகும், வளையத்தின் நுனி தேயும். மெத்தையின் மேலே மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு வளையத்தைப் பக்கவாட்டில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால், எந்தச் சங்கிலியும் உங்களைக் காப்பாற்றாது. அதை நெருக்கித் தருவது பாஸுக்குச் சின்ன வேலை.

எந்த உலோகம்? எங்கட ஊரில் ஆண்களுக்குத் தங்கம் கூடாதென்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் “இது நகை இல்லயே, மணிக்கூட்டுச் சங்கிலிதானே” என்று ஒரு வழக்கு வரும். ஆண்களின் வெள்ளிச் சங்கிலி பற்றி உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நாங்கள் பத்வா கொடுக்கிற ஆட்கள் இல்லை. எங்கட பேச்சு வேலை செய்கிற உலோகத்தைப் பற்றி. தங்கமும் வெள்ளியும் மெதுவான உலோகம், தேயும். தங்கப் பூச்சு எங்கட வேர்வைக்கும் உப்புக் காற்றுக்கும் வெளுத்துப் போகும். துருப்பிடிக்காத இரும்பில் ஒட்டின கண்ணிச் சங்கிலி மலிவு, பலம், வழக்கும் இல்லை.

அதுவும் கிடைக்காவிட்டால் மீன்பிடிச் சாமான் விற்கிற கடைக்குப் போங்கள். பின்னின நைலோன் கயிறு, இரண்டு மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு முழம் வாங்குங்கள். தோணிக்காரர்கள் போடுகிற முடிச்சைப் போட்டு, நுனியை நெருப்பில் உருக்கி அடையுங்கள். கூட்டைக் கீறாது, உப்புக்குப் பயமில்லை, நாலைந்து மாதத்துக்கு ஒரு தரம் மாற்றலாம். படத்துக்கு வடிவில்லை என்பீர்கள். அது பற்றித்தான் ஒரு கதை சொல்ல வேண்டும்.

காந்தியின் படங்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். இடுப்பில் ஒரு மணிக்கூடு தொங்கும். அவருடைய உடுப்பில் பொக்கட் இல்லை, வெய்ஸ்கோட் இல்லை, ஆல்பர்ட் சங்கிலி குத்த ஒரு பொத்தான் ஓட்டை இல்லை. சட்டை போடாத மனிசன் பொக்கட் மணிக்கூடு கட்டினார், காரணம் அவருக்கு நேரம் தேவைப்பட்டது. இடுப்புத் துணியில் கொழுவித் தொங்க விட்டார், அவ்வளவுதான். அவருடைய மணிக்கூடு ஒன்று, ஸெனித் என்ற சுவிஸ் கொம்பனியுடையது, 2009இல் நியூயோர்க்கில் அவருடைய மூக்குக் கண்ணாடி, செருப்போடு சேர்த்து ஏலத்துக்கு வந்து, மொத்தமாக 18 இலட்சம் டொலருக்குப் போனது. வாங்கினவர் விஜய் மல்லையா. பாவிக்கிற சாமான் பார்க்கிற சாமானாக மாறினால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியாது.

வெய்ஸ்கோட் இல்லாமல் பொக்கட் மணிக்கூடு கட்டக் கூடாதென்று சொல்கிற ‘ஸ்டைல்’காரர்களுக்கும் இதுதான் பதில். விக்டோரியா ராணியின் புருசனின் பெயரில் ஒரு சங்கிலி இருப்பதற்காக நாங்கள் மே மாத வெயிலில் மூன்று சட்டை போட முடியாது.

எந்தப் பொக்கட்?

எங்கட ஆட்கள் கட்டுகிற உடுப்பு மூன்று: சேட், களுசான், சாறன். மூன்றிலும் இடம் இருக்கிறது, மூன்றிலும் ஆபத்து இருக்கிறது.

சேட்டின் நெஞ்சுப் பொக்கட் பார்க்க வசதி, ஆனால் அதுதான் ஆகப் பொல்லாதது. வுழூ எடுக்கக் குனிகிறீர்கள், செருப்பு வார் போடக் குனிகிறீர்கள், ருகூவுக்குக் குனிகிறீர்கள். மணிக்கூடு வழுகி வெளியே வரும். அங்கே வைப்பதென்றால் சங்கிலி கட்டாயம். ‘ரி’ மாதிரிக் குறுக்குக் கம்பி உள்ள சங்கிலியைப் பொக்கட்டுக்கு நேரே இருக்கிற பொத்தான் ஓட்டையில் செருகுங்கள். ஒரு சாண் நீளம் போதும். கண்ணுக்கு முன்னால் கொண்டு வர எட்ட வேண்டும், குனிந்தால் தண்ணீர்ப் பைப்பிலும் மேசை விளிம்பிலும் இடிக்கக் கூடாது. துணி மெல்லிசென்றால் ஓட்டைக்குப் பின்னால் சின்னத் துண்டு ஒன்றை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

டெனிம் களுசானில் வலது பக்கப் பொக்கட்டுக்குள்ளே இன்னொரு சின்னப் பொக்கட் இருக்கிறதே, அது எதற்கென்று யோசித்திருக்கிறீர்களா? 1873இல் லீவைஸ் கொம்பனி முதல் தைத்த காலத்திலேயே அது மணிக்கூட்டுப் பொக்கட்டாக இருந்தது. இண்டைக்கும் ஐந்து சதமமீற்றர் அகல மணிக்கூடு அநேகமாக அதற்குள்ளே போகும். முகம் உடம்புப் பக்கம் இருக்க வேண்டும், முதுகு வெளியே. மேசையில் இடித்தால் கூடு தாங்கட்டும், கண்ணாடி தாங்க வேண்டாம். சங்கிலிக் கொழுக்கியை பெல்ட் வளையத்தில் போடுங்கள். மோட்டர் சைக்கிள் ஓடும்போது மட்டும் அங்கே வைக்காதீர்கள். தொடை மடிந்து நெருக்கும், ரோட்டின் குலுக்கல் முழுக்க மணிக்கூட்டுக்குப் போகும்.

சாறனுக்கு, மூத்தவாப்பாமார் கட்டின அகலத் தோல் பெல்ட்டை நினைத்துப் பாருங்கள். காசு வைக்கப் பை தைத்திருக்கும். மணிக்கூட்டுக்கும் அது நல்ல இடம், ஆனால் இடுப்பு வேர்வைதான் எதிரி. பருத்தித் துணியில் ஒரு சின்னப் பை தைத்து, மணிக்கூட்டை அதற்குள் போட்டுப் பிறகு பெல்ட்டுப் பைக்குள் வையுங்கள். துணி ஈரமானால் மாற்றுங்கள். சாறன் மடியில் சொருகுவது வேண்டவே வேண்டாம். வேர்வையும் ஒன்று, எழும்பும்போது விழுவதும் ஒன்று.

எந்தப் பொக்கட்டானாலும் சட்டம் ஒன்று: மணிக்கூட்டுக்கு மட்டும். சில்லறைக் காசு கண்ணாடியைக் கீறும். வெற்றிலைச் சுண்ணாம்பு கூட்டைத் தின்னும். எல்லாவற்றையும் விட மோசம் மண்ணும் போனும்.

மண்ணைப் பற்றிப் பொத்துவில்காரருக்குச் சொல்ல வேண்டுமா? கடற்கரைக்குப் போய் வந்தால் அடுத்த கிழமை வரை பொக்கட்டில் மண் இருக்கும். பழைய கூட்டுக்கு ரப்பர் அடைப்பு இல்லை. திருகின் தண்டைச் சுற்றியிருக்கிற இடைவெளியால் மண்ணும் பஞ்சும் உள்ளே போகும். கிழமைக்கு ஒரு தரம் பொக்கட்டை வெளியே புரட்டி, மூலைத் தையலில் நிற்கிற தூசை பழைய பல்லுத் தூரிகையால் தட்டுங்கள். கடற்கரைக்கு மணிக்கூட்டைக் கொண்டு போகவே வேண்டாம். அறுகம்பேயில் அலை பார்க்க நேரம் தேவையில்லை.

போன் வேறு வகை எதிரி. அதன் ஸ்பீக்கருக்குள்ளே காந்தம், மூடுகிற உறைக்குள்ளேயும் காந்தம். மணிக்கூட்டின் மெல்லிய மயிர்ச் சுருளுக்குக் காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும். ஒட்டினால் சுருள் கட்டையாகும், மணிக்கூடு பைத்தியம் பிடித்த மாதிரி ஓடும், மணித்தியாலத்துக்குப் பல நிமிசம் முந்தும். நேற்றுவரை ஒழுங்காக ஓடினது திடீரென்று அப்படி முந்தினால் முதல் சந்தேகம் காந்தத்தில் வர வேண்டும். கிப்லா பார்க்கிற கொம்பஸ் வீட்டில் இருந்தால் மணிக்கூட்டை அதன் முள்ளுக்குப் பக்கத்தில் கொண்டு போய்ச் சுற்றிப் பாருங்கள். முள் மணிக்கூட்டுப் பக்கம் இழுபட்டால் பயமில்லை, இரும்பென்றால் இழுக்கும். ஏதாவது ஒரு பக்கத்துக்கு முள்ளின் நுனி விலகி ஓடினால் காந்தம் ஏறியிருக்கிறது. பாஸிடம் காந்தம் இறக்குகிற கருவி இருந்தால் ஒரு நிமிச வேலை. ஆனால் போனை மற்றப் பொக்கட்டில் போட்டிருந்தால் அந்த ஒரு நிமிசமும் தேவையில்லை.

சுபஹுக்குப் பிறகு ஒரு தரம்

கடைசியாகச் சாவி. ஒரு நாளைக்கு ஒரு தரம், ஒரே நேரத்தில். சுபஹ் தொழுதுவிட்டு வந்த நேரம் நல்லது. அப்போது மறக்காது என்பது ஒரு காரணம். ஸ்பிரிங் நிறைந்திருக்கும்போது மணிக்கூடு குலுக்கலைத் தாங்கும் என்பது மற்றக் காரணம். பகலில் நீங்கள் ஓடித் திரிகிற நேரத்தில் அதற்குப் பலம் இருக்க வேண்டும், நீங்கள் தூங்கும்போது குறைந்தால் பரவாயில்லை.

பொக்கட்டிலிருந்து வெளியே எடுங்கள். பொக்கட்டுக்குள்ளேயே வைத்து விரலால் திருகுவது ஸ்டைலாக இருக்கலாம், ஆனால் திருகின் தண்டைப் பக்கவாட்டில் வளைக்கிறீர்கள். இடது உள்ளங்கையில் மணிக்கூடு, வலது பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் திருகு. முன்னுக்கு ஒரு முறுக்கு, பின்னுக்கு விரலைத் தளர்த்தி மெதுவாக வர விடுங்கள், திரும்ப முன்னுக்கு. எண்ணிக்கை மணிக்கூட்டுக்கு மணிக்கூடு மாறும். உங்களுடையதற்கு எத்தனை என்று ஒரு கிழமை எண்ணினால் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அந்த எண்ணிக்கைக்குக் கிட்ட வரும்போது விரலை இன்னும் மெதுவாக்குங்கள். கனதியாக ஒரு தடை வரும். அங்கே நில்லுங்கள். “இன்னும் ஒண்டு” என்று போக வேண்டாம்.

இரண்டு நாள் எண்ணிக்கை திடீரென்று மாறினால் காது கொடுங்கள். வழமையாக இருபதில் நிற்கிறது நாற்பது போனாலும் நிற்காமல் சுற்றினால் ஸ்பிரிங் முறிந்திருக்கும், அல்லது கொழுக்கி கழன்றிருக்கும். வழமையாக இருபதில் நிற்கிறது ஐந்தில் இறுகினால், நேற்று அது ஓடவில்லை என்று அர்த்தம், ஏன் ஓடவில்லை என்று பாருங்கள். திருகை விட்டவுடன் அது விரலைத் தள்ளிக்கொண்டு பின்னுக்குச் சுழன்றால் தடுப்பு நாக்கு போய்விட்டது. விரலை எடுக்காமல், அதை மெதுவாக அவிழ விட்டு, நேரே பாஸிடம் கொண்டு போங்கள்.

திறப்புப் போட்டுச் சாவி கொடுக்கிற இன்னும் பழைய வகை சில வீடுகளில் இருக்கிறது. அதற்கு ஒரு எச்சரிக்கை போதும்: அளவான திறப்பு இல்லாமல் தொடாதீர்கள். பெரிய திறப்பு சதுர அச்சின் மூலைகளை மழுக்கிவிடும், பிறகு சரியான திறப்பும் வழுகும். எந்தப் பக்கம் திருகுவதென்பதும் மணிக்கூட்டுக்கு மணிக்கூடு மாறும். சரியான பக்கம் ‘கிறிக்’ என்று இளகிக் கொடுக்கும், பிழையான பக்கம் கல்லு மாதிரி நிற்கும். நின்றால் பலம் போடாமல் மற்றப் பக்கம் பாருங்கள்.

இருட்டில் மின்னுகிற எண்கள் உள்ள பழைய மணிக்கூடென்றால் அதன் கண்ணாடியை வீட்டில் திறக்கவே வேண்டாம். 1960கள் வரை அந்தப் பூச்சில் ரேடியம் கலந்தார்கள். மின்னுகிறது நின்றுபோயிருந்தாலும் ரேடியம் போகாது, உதிர்கிற தூள் மூச்சுக்குள் போகக் கூடாது.

இவ்வளவும் ஒரு நாளைக்கு ஒரு நிமிச வேலை. இதைச் செய்யப் பொறுமை இல்லாதவர் கட்ட வேண்டாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. சாவி முழுக்க இறங்கிய மணிக்கூட்டை, சிலிக்கா ஜெல் பக்கட் ஒன்றோடு காற்றுப் போகாத டப்பாவில் வைத்துவிடுங்கள். உங்கட மகனோ மகளோ கட்டட்டும். “ஓடுதா” என்று வருசத்துக்கு ஒரு தரம் எடுத்துத் திருகிப் பார்க்கிற வாப்பாமாருக்கும் இதே வேண்டுகோள்தான். காய்ந்த எண்ணெயில் ஓட விடுகிற அந்தப் பத்து நிமிசத்தில் அச்சு தேயும்.

மாப்பிள்ளைமாருக்கு: கலியாணத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போது மணிக்கூட்டைக் கழுவலுக்குக் கொடுங்கள். வந்ததும் சேட்டோடு, சாறனோடு கட்டிப் பழகுங்கள். கலியாணத்தன்று கோட்டில் போடுங்கள், யார் வேண்டாமென்றது? ஆனால் படம் எடுக்கிற தம்பி “குனிஞ்சி மணியப் பாருங்க நானா” என்று சொல்லும்போது, அதில் சரியான மணி இருக்கட்டும்.